கடனும் கழனியும் – 14
தவணை தவறியவருக்கு மட்டும்

2008 பிப்ரவரி 29. நாடாளுமன்றத்தில் பட்ஜெட் வாசித்த நிதியமைச்சர் ப. சிதம்பரம், 60,000 கோடி ரூபாய் விவசாயக் கடன் நிவாரணத்தை அறிவித்தார். 5 ஏக்கர் வரை நிலம் உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு முழுத் தள்ளுபடி. அதற்கு மேல் நிலம் இருந்தால், முக்கால் பங்கைக் கட்டினால் கால் பங்கு கழிவு. வறண்ட விதர்பாவின் பருத்தி விவசாயிகளில் பலர், ஏக்கர் கூடுதல் என்ற ஒரே காரணத்தால் முழுத் தள்ளுபடிக்கு வெளியே நின்றார்கள். அதைப் பற்றி அப்போதே நிறையப் பேசினார்கள். அதிகம் பேசப்படாதவை விதிமுறையில் இருந்த மூன்று தேதிகள்.

பயிர்க்கடன் 2007 மார்ச் 31க்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். அது 2007 டிசம்பர் 31 அன்று தவணை தவறி நிற்க வேண்டும். 2008 பிப்ரவரி 29 வரை கட்டாமலும் இருக்க வேண்டும்.

இது என்ன செய்தது என்று ஓர் உதாரணக் கணக்கில் பார்க்கலாம். அண்ணன், தம்பி இருவருக்கும் தலா 3 ஏக்கர். 2006 ஜூனில் இருவரும் வங்கியில் 25,000 ரூபாய் பயிர்க்கடன் வாங்குகிறார்கள். வட்டி 7 சதவீதம். ஓராண்டில் கட்ட வேண்டிய தொகை 26,750. மழை பொய்த்து, இருவர் கையிலும் காசில்லை. தம்பி கட்டாமல் விட்டுவிடுகிறார். அண்ணனுக்குப் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம். வட்டிக்கடைக்காரரிடம் ஒரு வாரக் கெடுவில் பணம் புரட்டி, 2007 ஜூலையில் வங்கிக் கடனை அடைக்கிறார். சில நாட்களில் அதே வங்கியில் 25,000 புதுக்கடன் எடுத்து, கைக்காசும் கொஞ்சம் சேர்த்து வட்டிக்கடைக்காரர் கணக்கைத் தீர்க்கிறார். கட்டி எடுப்பது என்று கிராமங்களில் சொல்வது இதைத்தான்.

பட்ஜெட் நாளன்று இருவருமே வங்கிக்குக் கடன்காரர்கள்தான். தொகையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அண்ணனின் கடன் 2007 மார்ச்சுக்குப் பிந்தையது, தவணையும் தவறவில்லை. தம்பிக்கு முழுத் தள்ளுபடி, அண்ணனுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. அடுத்த முறை தேர்தல் நெருங்கும்போது அண்ணன் வட்டிக்கடைக்குப் போய்ப் பணம் புரட்டுவாரா? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சேவியர் ஜினே, மார்ட்டின் கான்ஸ் என்ற பொருளியலாளர்கள் இதை மாவட்டவாரியாக ஆராய்ந்தார்கள். தள்ளுபடி அதிகம் போய்ச் சேர்ந்த மாவட்டங்களில் அதன் பிறகு திருப்பிச் செலுத்துவது வேகமாகக் குறைந்தது. தேர்தல் காலத்தை ஒட்டிக் கடன் நிலுவையில் நிற்பதும் முன்பைவிட அதிகமானது. ‘எப்படியும் அறிவிப்பார்கள்’ என்ற எதிர்பார்ப்பு, மழையைப் போல ஒரு கணக்காகிவிட்டது.

அப்படியானால் தம்பி பிழைத்துக்கொண்டாரா? அதுவும் முழு உண்மையில்லை. தள்ளுபடி பெற்றவருக்குப் புதுக்கடன் உண்டு என்று ஏட்டில் இருந்தது. ஆனால் குஜராத்தில் 5 ஏக்கர் எல்லையின் இரு பக்கமும் இருந்த குடும்பங்களைக் கான்ஸ் தனியாக ஒப்பிட்டபோது வேறு படம் தெரிந்தது. முழுத் தள்ளுபடி பெற்றவர்கள், வங்கி இனி நம்மை நம்பாது என்று எதிர்பார்த்து வெளிக்கடனை அதிகம் நாடியிருந்தார்கள். நிலத்தில் போட்ட முதலும் விளைச்சலும் குறைந்திருந்தன. வட்டிக்கடைக்காரரின் நோட்டை எந்த பட்ஜெட்டும் தள்ளுபடி செய்ததில்லை.

ஒழுங்காகக் கட்டுபவரை டெல்லி அடியோடு மறந்துவிடவில்லை. 2009–10 பட்ஜெட்டில் அவர்களுக்கு 1 சதவீத வட்டிச் சலுகை வந்தது. 2011–12இல் அது 3 சதவீதமானது. அண்ணனின் 25,000க்கு இது ஆண்டுக்கு 750 ரூபாய். தம்பிக்கு ஒரே நாளில் கிடைத்த 26,750ஐ அண்ணன் இந்தச் சலுகையில் சேர்க்க 35 ஆண்டுகளுக்கு மேல் தவணை தவறாமல் கட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானபோது கோடு வேறு இடத்தில் விழுந்தது. ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்தாலே போதும், தவணை தவறியிருக்க வேண்டியதில்லை. கட்டி எடுத்த அண்ணன்மார்களுக்கு இந்த முறை இடம் கிடைத்தது. அறுவடைப் பணம் வந்ததும் ஜனவரியிலேயே கடனை அடைத்துவிட்டு, புதுக்கடன் எடுக்காமல் இருந்தவருக்கு அப்போதும் எதுவும் கிடைக்கவில்லை.

(தொடரும்)