பழைய போஸ்ட்டை மாற்றி எழுதினால் போதுமா? பின் செய்யும் முதல் கமெண்ட்டில் என்ன இருக்கணும்?

ஆன்லைன் மோசடியில் பணத்தை இழந்தவர்களுக்காக 2021-ல் மத்திய உள்துறை அமைச்சகம் அறிவித்த உதவி எண் 155260. பிறகு அது 1930 ஆக மாறிவிட்டது. ஆனால் பழைய எண்ணோடு போட்ட போஸ்ட்கள் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒரு போஸ்ட் உங்கள் பேஸ்புக் பக்கத்தில் இருந்து, எண்ணை மாற்றி எழுதிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்ததா? இல்லை.

கீழே "நம்பர் போகலையே சார்" என்ற பழைய கமெண்ட் அப்படியே இருக்கும். பழைய எண்ணின் ஸ்கிரீன்ஷாட் குடும்ப குரூப்பில் இருக்கும். புதிதாக வருபவர் எதை நம்புவார்? அதற்குத்தான் பின் செய்த கமெண்ட். இப்படி எழுதலாம்:

"இப்போதைய எண் 1930. இந்தப் போஸ்ட்டில் முன்பு 155260 என்று இருந்தது; அது 2021-ல் அறிவித்த பழைய எண், இன்று மாற்றிவிட்டோம். ஆதாரம்: cybercrime.gov.in. பணம் போயிருந்தால் இப்பவே 1930-க்கு போன் பண்ணுங்க."

எண் ஏன் முதல் வரியில்? மொபைலில் நீளமான கமெண்ட்டின் முதல் சில வரிகள்தான் தெரியும், மீதி "See more"-க்குள் போய்விடும். "அன்பான நேயர்களே" என்று ஆரம்பித்தால் அந்த இடம் வீண். அடுத்து, என்ன தப்பு இருந்தது என்பதைப் பழைய எண்ணோடு சொல்லணும். "சில திருத்தங்கள் செய்யப்பட்டுள்ளன" என்று மழுப்பினால், ஸ்கிரீன்ஷாட் வைத்திருப்பவருக்கு தன்னிடம் இருப்பது தப்பு என்றே தெரியாது.

ஆதாரமாக இன்னொரு சேனலின் கார்டைக் கொடுக்காதீங்க, அவங்களும் பழசை எடுத்துப் போட்டிருக்கலாம். அரசின் தளத்தையே கொடுங்க. இன்ஸ்டாகிராம் கமெண்ட்டிலும் யூடியூப் ஷார்ட்ஸ் கமெண்ட்டிலும் லிங்கை அழுத்தினால் திறக்காது. அதனால் கையால் டைப் பண்ணுகிற அளவுக்குச் சின்ன முகவரியாக இருக்கட்டும்.

கடைசியில் ஒரே ஒரு வேலை. போன் பண்ணுங்க, பேங்க்குக்குப் போங்க, ஸ்டேஷனில் புகார் கொடுங்க என்று மூன்றையும் அடுக்கினால், பதற்றத்தில் இருப்பவர் பேங்க்குக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் பணம் கணக்கு விட்டு கணக்கு மாறிவிடும். 1930-ல் சீக்கிரம் சொன்னால்தான் நடுவிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு. மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

பழைய கமெண்ட்களை அழிக்க வேண்டாம். பின் செய்த கமெண்ட்டே அவற்றுக்குப் பதில். ஆனால் "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க, பணத்தை மீட்டுத் தருவோம்" என்று யாராவது போட்டிருந்தால் உடனே நீக்குங்க. ஏற்கெனவே ஏமாந்தவரை மறுபடி ஏமாற்றும் வழி அது.

பின் செய்த கமெண்ட்டைத் திருத்தினால், பின் அப்படியே இருக்கிறதா என்று வேறொரு போனில் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்க.