வெள்ளைத் தங்கம் வந்த கதை

நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று மோதிரங்கள். ஒன்று மஞ்சள், ஒன்று ரோஜா நிறம், இன்னொன்று வெள்ளை. மூன்றுமே 18 கேரட்தான். ஒவ்வொன்றும் 10 கிராம் என்று வைத்துக்கொண்டால், மூன்றிலும் தங்கம் 7.5 கிராம். நிறத்தை மாற்றுவது மீதியுள்ள 2.5 கிராம் மட்டுமே!

தன் மேல் விழும் ஒளியில் நீலத்தையும் ஊதாவையும் தங்கம் பெருமளவு விழுங்கிக்கொள்ளும். மற்ற நிறங்களைத் திருப்பி அனுப்பும். அதனால்தான் அது மஞ்சள். செம்பு இன்னும் கொஞ்சம் பேராசைக்காரன். பச்சையிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதால் சிவந்து தெரிகிறது. வெள்ளியோ எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பித் தந்துவிடும்.

அந்த 2.5 கிராமில் வெள்ளியையும் செம்பையும் பாதிப் பாதி போட்டால் மஞ்சள் மோதிரம். செம்பை 2 கிராமுக்கு மேல் ஏற்றி வெள்ளியைக் குறைத்தால் ரோஜா நிறம். 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவில் இது பிரபலமாக இருந்ததால் 'ரஷ்யத் தங்கம்' என்றே பெயர் வந்தது.

அப்படியானால் 2.5 கிராமையும் வெள்ளியாகவே போட்டால் வெள்ளைத் தங்கம் கிடைத்துவிடுமா? கிடைக்காது. பச்சை சாயல் கொண்ட மஞ்சள்தான் வரும். வெளுக்கும் அளவுக்கு வெள்ளி சேர்த்தால் அது 18 கேரட்டாக இருக்காது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைரம் பதிக்கப் பணக்காரர்கள் விரும்பியது பிளாட்டினத்தை. அதில் பெரும்பகுதி ரஷ்யாவின் யூரல் மலைப் பகுதியிலிருந்து வந்தது. 1914இல் போர், 1917இல் புரட்சி... வரத்து குறைந்தது. வெடிமருந்துக்கான அமிலங்கள் தயாரிக்கவும் பிளாட்டினம் தேவைப்பட்டது. நகைத் தொழிலுக்கு ஒரு மாற்று வேண்டும். நியூயார்க்கைச் சேர்ந்த டேவிட் பெலே, தங்கத்தில் நிக்கலும் துத்தநாகமும் கலந்த வெள்ளைத் தங்கத்துக்கு 1920இல் காப்புரிமை பெற்றார்.

தங்கம் திருப்பி அனுப்பும் சிவப்பையும் மஞ்சளையும் நிக்கல் மட்டுப்படுத்துகிறது. எல்லா நிறமும் கிட்டத்தட்ட சமமாகிவிடுவதால் கண்ணுக்கு வெளுப்பாகத் தெரிகிறது. விலையும் மலிவு. ஆனால் கலவை கடினமாகிவிடும். வளைக்கும்போது விரிசல் விடலாம். அதைவிடப் பெரிய தொல்லை, சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும். ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் நகைகளிலிருந்து கசியும் நிக்கலுக்கு வரம்பு விதித்தது. நிக்கலுக்குப் பதில் பல்லேடியம் சேர்த்தால் அரிப்புத் தொல்லை பெரும்பாலும் இல்லை. உலோகமும் மென்மையாக இருக்கும். செலவுதான் கூடும்!

இவ்வளவு செய்தும் வெள்ளைத் தங்கம் முழு வெள்ளை அல்ல. நிக்கல் கலந்தது லேசான மஞ்சள், பல்லேடியம் கலந்தது லேசான சாம்பல். அதனால் கடையில் பளபளவென்று மின்னுவது பெரும்பாலும் மேலே பூசிய ரோடியம் முலாம்தான். அது தேயும்போது, விரலின் உள்பக்கம் உரசும் இடத்தில் முதலில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். போலி நகையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. உண்மையில் அப்போது தெரிவதுதான் அந்தக் கலவையின் சொந்த நிறம். மறுபடி முலாம் பூசினால் போதும், 7.5 கிராம் தங்கம் அப்படியேதான் இருக்கிறது.