வரையறுத்த தொகை

‘தொகு’ என்ற வினையிலிருந்து வந்தது தொகை. சிறு பகுதிகளைக் கூட்டிக் கிடைப்பது என்று பொருள். லைப்னிட்ஸ் 1675-இல் கண்ட ∫ குறியும் ‘சும்மா’ (கூட்டுத்தொகை) என்ற லத்தீன் சொல்லின் முதலெழுத்தை நீட்டி எழுதியதுதான். கீழ் எல்லையும் மேல் எல்லையும் குறிக்கப்பட்டால் அது வரையறுத்த தொகை.

x²-ஐ 1 முதல் 3 வரை தொகையிடுவோம். இடைவெளியை n சம பகுதிகளாக்கினால் ஒவ்வொன்றின் அகலம் 2/n. i-ஆவது பகுதியின் வலது முனை 1 + 2i/n. அதன் வர்க்கமே அப்பகுதியின் மேல் எழும் செவ்வகத்தின் உயரம்:

1 + 4i/n + 4i²/n²

இதை 2/n-ஆல் பெருக்கி, i = 1 முதல் n வரை கூட்ட வேண்டும். Σ1 = n, Σi = n(n+1)/2, Σi² = n(n+1)(2n+1)/6 என்பவற்றை இட்டால்:

2 + 4(n+1)/n + 4(n+1)(2n+1)/(3n²)

n முடிவிலியை நெருங்கும்போது இது 2 + 4 + 8/3, அதாவது 26/3 ஆகிறது.

பலர் சறுக்குமிடம் Σ1. அதை n என்று எழுதாமல் 1 என்றே விட்டால், முதல் உறுப்பு 2/n ஆகி மறைந்து, விடை 20/3 என வரும். பிழையைக் கண்டுபிடிக்க n = 10 என இட்டுப் பாருங்கள். வலது முனைக் கூட்டல் 9.48, இடது முனைக் கூட்டல் 7.88. x² இங்கே ஏறுமுகமானதால் சரியான விடை இவ்விரண்டுக்கும் இடையில்தான் இருக்கும். 26/3 உள்ளே அமைகிறது. 20/3 வெளியே நிற்கிறது.