காலர் மைக் மாட்டியும் வாய்ஸ் வரலையா? பின்னில் இருக்கும் கறுப்புக் கோடுகளை எண்ணுங்க!

மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் பூ விற்கும் அக்காவிடம் ஒரு பேட்டி. காலர் மைக்கை போனில் செருகி, அவர் புடவையில் மாட்டி, பத்து நிமிஷம் ஷூட் பண்ணியாச்சு. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், அக்கா குரலைவிட ஆட்டோ ஹாரன்தான் சத்தமா கேட்குது. மைக் போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. முதல்ல அதன் பின்னைப் பாருங்க.

ரெண்டு கோடா, மூணு கோடா?

பின்னில் ரெண்டு கறுப்புக் கோடுகள் இருந்தால் அதில் உலோகப் பகுதி மூன்று. கடையில் 'மூணு ரிங்' என்பது இதைத்தான். இது கேமராவுக்கானது. மூன்று கோடுகள் இருந்தால் 'நாலு ரிங்'. இது போனுக்கானது. ரெண்டுமே 3.5 மி.மீ. என்பதால் எந்த ஓட்டையிலும் போய் உட்காரும். குழப்பமே அங்கேதான்.

போன் ஜாக்கில் இடது, வலது ஹெட்போன், எர்த், மைக் என நாலு தொடர்புகள் உண்டு. மூணு ரிங் பின்னைச் செருகினால், அதன் அடிப்பகுதி எர்த்தையும் மைக்கையும் ஒன்றாக இணைத்துவிடும். போன் அதை மைக் இல்லாத ஹெட்போன்னு நினைச்சு, தன் சொந்த மைக்கிலேயே ரெக்கார்டு பண்ணும். எந்த எச்சரிக்கையும் வராது. மாறாக, நாலு ரிங் மைக்கை கேமராவில் போட்டால் பெரும்பாலும் சத்தமே வராது, வந்தாலும் ரொம்ப மெல்லிசா இருக்கும்.

பத்து செகண்ட் டெஸ்ட்

ஷூட்டுக்கு முன் ரெக்கார்டு ஆன் செய்து, காலர் மைக்கை நகத்தால் லேசா சுரண்டுங்க. பிறகு போனின் அடிப்பக்கத்தைச் சுரண்டுங்க. திரும்பக் கேட்கும்போது எந்தச் சுரண்டல் சத்தமா இருக்கோ, அந்த மைக்தான் வேலை செய்யுது.

எப்படிச் சரி செய்வது?

மைக்கை மாற்ற வேண்டாம், அடாப்டர் போதும். ஆனால் திசை முக்கியம். ரோட் நிறுவனத்தில் கேமரா மைக்கை போனில் போட SC4, போன் மைக்கை கேமராவில் போட SC3. போயா BY-M1 மைக்கில் போன், கேமரா ரெண்டுக்கும் ஒரு ஸ்விட்ச் இருக்கு. கேமரா பக்கம் தள்ளினால் உள்ளே LR44 பேட்டரி இருக்கணும்.

திருகும் காலர் எதற்கு?

சில பின்களில் மரை போட்ட வளையம் இருக்கும். இடுப்பில் மாட்டும் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரில் திருகி இறுக்கத்தான் அது. நடக்கும்போது பின் கழன்றுவிடாது. போனிலும் சாதாரண கேமராவிலும் அதுக்கு மரை இல்லை. அந்த வளையம் போன் கவரில் இடித்தால் பின் முழுசா உள்ளே போகாது. சென்ஹைசர், சோனி பின்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வயரிங் வேறு. அதனால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வாங்கப் போகும்போது போன், டிரான்ஸ்மிட்டர் ரெண்டையும் கையோடு கொண்டுபோய், கடையிலேயே சுரண்டிப் பார்த்து வாங்குங்க.