தங்கத்துக்கு எத்தனை வெள்ளி?

ஸகாத் நிஸாபை நாம் தங்கத்தில் 85 கிராம் என்றும் வெள்ளியில் 595 கிராம் என்றும் படிக்கிறோம். 595ஐ 85ஆல் வகுத்தால் 7. அதாவது, அந்தக் காலத்தில் ஒரு கிராம் தங்கத்துக்கு ஏறத்தாழ 7 கிராம் வெள்ளி. தங்க–வெள்ளி விகிதம் என்பது இவ்வளவுதான்: ஒரு நிறை தங்கத்தின் விலைக்கு அதே நிறையில் எத்தனை மடங்கு வெள்ளி வாங்கலாம்?

1803இல் பிரான்ஸ் இதைச் சட்டத்தால் 15.5 என்று நிறுத்தியது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் உலகச் சந்தையும் அதை ஒட்டியே நின்றது. 1870களில் ஜெர்மனியும் அமெரிக்காவும் வெள்ளி நாணயத்தைக் கைவிட்டுத் தங்கத்துக்கு மாறின. கேள்வி குறைந்த வெள்ளி விழுந்தது. 1890களில் விகிதம் 30ஐத் தாண்டியது. அதன் பிறகு இந்த எண்ணைப் பிடித்து வைக்க எந்தச் சட்டமும் இல்லை.

வியாபாரிகள் பயன்படுத்துவது இந்த ஆட்டத்தைத்தான். விகிதம் ஏறியிருந்தால் தங்கத்தைக் கொடுத்து வெள்ளி வாங்குவார்கள். இறங்கினால் வெள்ளியைக் கொடுத்து மீண்டும் தங்கம். அவர்கள் இலாபத்தைப் பணத்தில் அல்ல, தங்கத்தின் நிறையில் பார்க்கிறார்கள்.

2008 இறுதியில், உலக நிதி நெருக்கடியின்போது, விகிதம் சுமார் 80. அன்று 10 பவுண் தங்கத்தைக் கொடுத்தவருக்கு 800 பவுண் நிறை வெள்ளி கிடைத்திருக்கும். 2011 ஏப்ரல் இறுதியில் விகிதம் சுமார் 32. 800ஐ 32ஆல் வகுத்தால் 25 பவுண் தங்கம்.

ஆனால் இது தாளில் வரும் கணக்கு. கடையில் வாங்கும் விலையும் விற்கும் விலையும் ஒன்றல்ல. ஒவ்வொரு மாற்றத்திலும் நூற்றுக்கு 10 போகிறது என்று வைத்தால், 25 அல்ல, 20 பவுண் சொச்சமே கையில் மிஞ்சும். விகிதம் 80இலிருந்து 65க்கு மட்டும் இறங்கியிருந்தால், அதே செலவில் முதல் 10 பவுணும் முழுதாகத் திரும்பாது. ஆகவே சிறு அசைவுக்கு மாறுவது வீண்.

இன்னொரு ஆபத்து, உச்சம் எது என்பது அன்று தெரியாது. 2018இலும் விகிதம் 80ஐத் தொட்டது. "இதுதான் உச்சம்" என்று முழுவதையும் மாற்றியவர், 2020 மார்ச்சில் அது 120ஐத் தாண்டியதைப் பார்த்தார். அவருடைய வெள்ளிக்கு அன்று கிடைத்திருக்கக்கூடியது 10 பவுண் அல்ல, ஏழுக்கும் குறைவு. அதனால்தான் அனுபவசாலிகள் 80இல் ஒரு பங்கு, 90இல் ஒரு பங்கு, 100இல் ஒரு பங்கு என்று பிரித்து மாறுகிறார்கள்; திரும்பும்போதும் அப்படியே.

"விகிதம் பழைய 15க்குத் திரும்பும்" என்று யாராவது சொன்னால், அந்த 15ஐ நிறுத்தி வைத்தது நாணயச் சட்டம் என்பதை நாம் நினைவில் வைப்போம். அந்தச் சட்டம் இன்று இல்லை.