ஆறு மாசக் கணக்கு எங்கிருந்து வந்தது?

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பல் டாக்டரைப் பாருங்க." இதைக் கேட்காதவர்கள் குறைவு. ஏன் ஆறு? நாலாகவோ ஒன்பதாகவோ ஏன் இல்லை? அதற்கு ஆதாரம் தேடிப் போனால் கைக்குச் சிக்குவது ஆய்வுக்கூடம் இல்லை, விளம்பரம். 1930களில் அமெரிக்க வானொலியில் பெப்சோடென்ட் பற்பசை விளம்பரம் வருஷத்துக்கு இரண்டு முறை பல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தது. வழக்கத்தைத் தொடங்கிவைத்ததே அந்த விளம்பரம்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

1977ல் லண்டனில் ஆப்ரி ஷெய்ஹாம் என்ற பல் மருத்துவ ஆய்வாளர் 'லான்செட்' இதழில் இந்தக் கேள்வியைப் பச்சையாகக் கேட்டார்: ஆறு மாசச் செக்கப்புக்கு அறிவியல் அடிப்படை இருக்கிறதா? இல்லை என்பதுதான் அவர் கண்ட பதில். காசு வீணாவது மட்டும் அவருடைய கவலை இல்லை. அடிக்கடி பார்க்கும் மருத்துவர், தானாகவே நின்றுவிடக்கூடிய சின்னச் சொத்தையையும் குடைந்து அடைத்துவிடலாம். ஒருமுறை அடைத்த பல்லை, அடைப்பு தேயும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தோண்டி மறுபடி அடைக்க வேண்டியிருக்கும்.

சரி, எல்லோருக்கும் ஆறு இல்லை என்றால் யாருக்கு எத்தனை? அதற்கு யாருக்குச் சொத்தை வரும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிய வேண்டும். அந்தக் கதையின் முக்கியமான பகுதி ஸ்வீடனில் நடந்தது. படிக்கச் சங்கடமான கதை.

லுண்ட் நகரில் விபெஹோல்ம் என்று ஒரு காப்பகம். மனவளர்ச்சி குன்றியவர்கள் அங்கே வருஷக்கணக்கில் அடைபட்டிருந்தார்கள். 1947 முதல் சில வருஷங்கள் அவர்களைப் பல குழுக்களாகப் பிரித்து விதவிதமாகச் சர்க்கரை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு ரொட்டியிலேயே கலந்து, சாப்பாட்டு நேரத்தில் மட்டும். இன்னொரு குழுவுக்குப் பல்லில் ஒட்டிக்கொள்ளும் டாஃபி, ஒரு நாளைக்கு 24. யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. சம்மதம் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை என்பதே வசதியாகப் போயிற்று. செலவில் ஒரு பங்கு மிட்டாய்த் தொழிலிலிருந்து வந்தது.

1954ல் முடிவுகள் வெளியாயின. சாப்பாட்டோடு போன சர்க்கரை, அளவு அதிகமாக இருந்தும், சொத்தையைப் பெரிதாகக் கூட்டவில்லை. சாப்பாடுகளுக்கு நடுவே தின்ற டாஃபிதான் வேகமாகக் கூட்டியது. ஆக, எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பதுதான் விஷயம். காரணத்தைச் சில வருஷம் முன்பே அமெரிக்காவில் ராபர்ட் ஸ்டீபன் அளந்து வைத்திருந்தார். சர்க்கரை பட்ட சில நிமிஷத்தில் பல் மேல் படிந்த அழுக்கில் அமிலம் ஏறுகிறது. pH 5.5 வாக்கில் எனாமல் கரையத் தொடங்குகிறது. எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி ஆகிறது. அதற்குள் அடுத்த மிட்டாய் வாய்க்குள் போனால் சரிக்கட்ட நேரமே இல்லை.

ஆனால் விபெஹோல்மில் இன்னொன்றும் தெரிந்தது, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதே டாஃபியை அதே எண்ணிக்கையில் தின்றவர்களிலும் சிலருக்குப் புதிதாக ஒரு சொத்தைகூட வரவில்லை! உணவை மட்டும் விசாரித்து ஒருவருடைய பல்லின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது என்பது அப்போதே தெரிந்துபோனது.

லுண்டுக்குப் பக்கத்து ஊர்தான் மால்மோ. அங்கே பல் மருத்துவப் பேராசிரியராக இருந்த டக்ளஸ் பிராத்தால் 1990களில் 'கேரியோகிராம்' என்ற கணினி நிரலை உருவாக்கினார். உணவு, அதை உண்ணும் தடவை, கிருமி, எச்சில், ஃப்ளோரைடு, பழைய சொத்தை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு மதிப்பெண். கடைசியில் ஒரு வட்டப்படம் வரும். அதில் பச்சைத் துண்டு எவ்வளவு பெரிதோ, புதுச் சொத்தை இல்லாமல் தப்பிக்கும் வாய்ப்பு அவ்வளவு. மதிப்பெண்களின் எடை பெரும்பாலும் நிபுணர்கள் தீர்மானித்தது என்பதால், 'தப்பிக்கும் வாய்ப்பு 30 சதவீதம்' என்று வந்தால் அதை எழுத்துக்கு எழுத்து நம்பக் கூடாது.

நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, கற்பனையாக இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் 55 வயது. இருவரும் ஒரு நாளைக்கு ஐந்து தடவை சர்க்கரை போட்ட டீ குடிக்கிறார்கள், அதுவும் சாப்பாட்டு நேரத்தில் இல்லை.

முதல் ஆளுக்குப் பத்து வருஷமாகப் புது அடைப்பு கிடையாது. ஃப்ளோரைடு பற்பசையால் இரண்டு வேளை துலக்குகிறார். ஒரு மெழுகுத் துண்டை மெல்லச் சொல்லி, ஐந்து நிமிஷம் எச்சிலைக் கிண்ணத்தில் பிடித்தால் 7 மில்லி தேறுகிறது. நிமிஷத்துக்கு 1.4. ஒன்றுக்கு மேல் இருந்தால் கவலையில்லை.

இரண்டாவது ஆள் கடந்த மூன்று வருஷத்தில் இரண்டு பல் அடைத்திருக்கிறார். சமீபமாக மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறார், வாய் வறள்கிறது என்கிறார். இப்படிப்பட்ட மாத்திரைகளில் பல எச்சிலைக் குறைப்பவை. ஐந்து நிமிஷத்தில் கிடைத்தது 2.5 மில்லி, அதாவது நிமிஷத்துக்கு 0.5. 0.7க்குக் கீழே போனாலே குறைவுதான். காலையில் மட்டும் துலக்குவதால் ஃப்ளோரைடும் பாதிதான் கிடைக்கிறது. ஈறோரத்தில் ஒரு பல்லில் சுண்ணாம்பு மாதிரி மங்கிய வெள்ளைத் தடம் தெரிகிறது. அங்கே சொத்தை இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

டீ ஒன்றுதான், ஆனால் பதில் வேறு. இங்கிலாந்தில் 2004ல் வந்த நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு இடைவெளி 3 முதல் 24 மாசம் வரை போகலாம், 18 வயதுக்குக் கீழே 12 மாசம்தான் உச்சம். முதல் ஆளை ஒன்றரை வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து வரச் சொல்லலாம். ஃப்ளோரைடு போதுமான அளவு கிடைக்கும் பெரியவர்களுக்குச் சொத்தை எனாமலைத் தாண்டப் பெரும்பாலும் வருஷக்கணக்கில் எடுக்கும் என்பதுதான் அந்தத் துணிச்சலுக்குக் காரணம். இரண்டாவது ஆள் மூன்று மாசத்தில் வர வேண்டும், ஃப்ளோரைடு வார்னிஷ் பூச வேண்டும், இரவிலும் துலக்க வேண்டும், மாத்திரையை மாற்ற முடியுமா என்று அதை எழுதிய மருத்துவரைக் கேட்க வேண்டும். அடுத்தடுத்த வருகைகளில் அந்த வெள்ளைத் தடம் பளபளப்பாகி வழவழப்பானால் சொத்தை நின்றுவிட்டது என்று இடைவெளியை ஆறாக நீட்டலாம். சொரசொரப்பாகவே இருந்தால் நீட்டக் கூடாது.

இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. எல்லாக் காரணிகளிலும் நன்றாகக் கணிப்பது பழைய சொத்தைதான். அதாவது, கெட்டுப்போன பிறகுதான் கெடும் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. பல் முளைத்து ஒரு வருஷமே ஆன குழந்தைக்கு இது உதவாது. அங்கே அம்மாவின் பல்லையும், இரவில் வாயில் இருக்கும் பால் புட்டியையும் வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

2020ல் பிரிட்டனில் ஒரு பெரிய சோதனையின் முடிவு வந்தது. 51 பல் மருத்துவமனைகள், 2372 பெரியவர்கள், நாலு வருஷம். ஆறு மாசம், ஆளுக்குத் தகுந்த இடைவெளி, 24 மாசம் என்று சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். 24 மாசம் தாங்கும் என்று மருத்துவர் கருதியவர்களை மட்டுமே அந்த மூன்றாவது பிரிவுக்கு அனுப்பினார்கள். முக்கியமாகக் கவனித்தது ஈறில் ரத்தக் கசிவை, கூடவே சொத்தையையும். குறிப்பிடும்படியான வித்தியாசம் எங்கும் இல்லை. ஆறு மாசத்துக்கு மட்டுமில்லை, ஆளுக்குத் தகுந்த இடைவெளிக்கும் இது குட்டுதான்: இத்தனை அளந்து குறித்த தேதியும் ஆறு மாசத்தைவிட மேலாக எதையும் தந்துவிடவில்லை.

அதே ஆய்வில், எந்த இடைவெளிக்கு எவ்வளவு காசு கொடுப்பீர்கள் என்றும் கேட்டார்கள். அடிக்கடி நடக்கும் செக்கப்பைத்தான் ஜனங்கள் உயர்வாக மதித்தார்கள், அதற்குக் காசு கொடுக்கவும் தயாராக இருந்தார்கள்.