டென்வரின் மூன்று படிகள்



அமெரிக்காவில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "ஐயா, டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல் உயரம் என்கிறார்கள். ஒரு மைல் என்றால் 5,280 அடி. ஆனால் விமான நிலையத்தின் உயரம் 5,434 அடி என்று போட்டிருக்கிறது. எது சரி?"

இரண்டும் சரிதான். நம் ஊர் ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே ஓர் உயரம் எழுதியிருப்பார்களே, அது அந்த நிலையத்தின் உயரம். ஊர்க் கோடியில் இருக்கும் மலைக்கோயிலுக்கோ ஆற்றங்கரைக்கோ அது பொருந்தாது. டென்வரும் அப்படித்தான்.

1858-இல் தங்கம் தேடி வந்தவர்கள் சவுத் பிளாட் ஆறும் செர்ரி ஓடையும் கூடும் இடத்தில் குடியேறினார்கள். ஊர் பிறந்த அந்தப் பள்ளம் ஒரு மைலுக்குச் சுமார் நூறு அடி கீழே இருக்கிறது. கொலராடோ மாநிலத் தலைமைக் கட்டடத்தைப் பின்னாளில் கிழக்கே ஒரு மேட்டில் கட்டினார்கள். ஒரு மைல் என்ற கணக்கு அதன் வாசற்படிகளில்தான் போய் விழுகிறது. இன்றைய நகர எல்லைக்குள்ளேயே தாழ்ந்த இடத்துக்கும் உயர்ந்த இடத்துக்கும் ஐந்நூறு அடிக்கு மேல் வித்தியாசம் உண்டு. ஆக, "ஒரு மைல் உயர நகரம்" என்பது ஒரு படிக்கட்டின் உயரம். ஊரார் அதைப் பெருமையோடு ஊர் முழுவதற்கும் எடுத்துக்கொண்டார்கள்!

விமான நிலையத்தின் கணக்கே வேறு. ஓடுபாதைகளில் எந்த இடம் மிக உயரமோ, அதைத்தான் அந்த நிலையத்தின் உயரம் என்று அறிவிப்பார்கள். விமானியின் உயரமானி காற்றழுத்தத்தை வைத்து வேலை செய்கிறது. நிலையம் தரும் அழுத்த எண்ணை அதில் பொருத்திவிட்டால், தரையில் நிற்கும்போது அது ஏறக்குறைய அந்த அறிவித்த உயரத்தைக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் கருவியில் கோளாறு, அல்லது எண்ணைத் தப்பாகப் பொருத்தியிருக்கிறார்கள். அங்கே நூறு அடி பிசகு சின்ன விஷயமில்லை. நகரின் பெருமை எண்ணை நம்பி விமானத்தை இறக்க முடியாது.

அந்த விமான நிலையமும் இடம் மாறியது. பழைய ஸ்டேபிள்டன் நிலையம் 5,333 அடி. 1995-இல் நகரிலிருந்து வெகு தூரம் தள்ளிப் புல்வெளியில் புதியது திறந்தார்கள். ஊர் அங்கேயேதான் இருந்தது, விமான நிலைய உயரம் மட்டும் 101 அடி கூடிவிட்டது. நகரின் அதிகாரபூர்வ வானிலை அளவீடும் கூடவே போனது. அதனால் டென்வரின் பழைய வெப்பநிலையையும் புதியதையும் ஒப்பிடுகிறவர்கள், எந்த இடத்தில் எடுத்த எண் என்று முதலில் பார்க்க வேண்டும்.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. அந்தத் தலைமைக் கட்டடப் படிகளில் ஒரு மைல் என்று காட்ட முதலில் பித்தளைத் தகடு பதித்தார்கள். நினைவுப் பொருளாக ஆட்கள் பெயர்த்துக்கொண்டு போகவே, 1947-இல் 15-ஆம் படியின் கல்லிலேயே எழுத்துகளைச் செதுக்கிவிட்டார்கள். 1969-இல் பொறியியல் மாணவர்கள் மறுபடி அளந்து, ஒரு மைல் என்பது 18-ஆம் படி என்றார்கள். 2003-இல் இன்னொரு அளவீடு 13-ஆம் படி என்றது.

மாணவர்கள் அளந்தது தப்பா? இல்லை. இடையில் மாறியது கடல் மட்டம் என்ற தொடக்கப் புள்ளி. 1929-இல் வகுத்த முறையில் அமெரிக்கா, கனடா கரைகளில் 26 அலைமானி நிலையங்களின் சராசரி நீர்மட்டத்தையும் பூச்சியம் என்று வைத்துக்கொண்டார்கள். ஆனால் எல்லாக் கரைகளிலும் கடல் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. பசிபிக் கரையில் அட்லாண்டிக்கைவிடச் சற்று உயரம். அத்தனையையும் பூச்சியமாக்கியதால் கணக்கு உள்நாட்டில் கோணியது. 1988 முறையில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஒரே ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட்டார்கள். டென்வர் பக்கம் எண்கள் சுமார் மூன்றடி கூடின. கல் அசையவில்லை, அதன் உயர எண் கூடியது. அதனால் 5,280 என்ற எண் மூன்றடி கீழே இறங்கிப் போய் நின்றது. ஐந்து படிகளின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மூன்று அடையாளங்களும் இன்றும் அங்கே இருக்கின்றன. சுற்றுலா வருபவர்கள் எழுத்து செதுக்கிய 15-இல் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நம் மாணவரிடம் இரண்டு படி இறங்கி 13-இல் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.